சொந்தமாக வெளியிட்ட புத்தகத்துக்கு விற்பனைப் பக்கம் எழுதுவது எப்படி: வகைமை முதல் கையெழுத்திட்ட பிரதி வரை

சொந்தமாகப் பதிப்பித்த புத்தகத்துக்கு விற்பனைப் பக்கம் தயார் செய்ய உட்காரும்போது, நேரமெல்லாம் பின்னட்டை வாசகத்திலும் கதைச்சுருக்கத்திலும் போய்விடுகிறது. வகைமை, பக்கங்கள், மொழி, மாதிரிப் பக்கங்கள் ஆகியவற்றைக் கடைசி ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிட்டு வெளியிட்டுவிடுகிறோம். ஆனால் வாங்கியவர்கள் எழுதும் புகார்கள் அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இருக்கும். "நாவல் என்று நினைத்து வாங்கினேன்", "இவ்வளவு சின்னப் புத்தகமா", "பெயரைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள்". மூன்றாவது புகார் எனக்கே வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனைப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். பெயர் "ஈரத்துணி காயும் நேரம்". ஒரே குடியிருப்பில் வாழும் பெண்களைப் பற்றிய 12 கதைகள். டெமி அளவு, மெல்லட்டை, உள்தாள் 70 ஜிஎஸ்எம். எழுதியவரே பதிப்பாளர். 200 பிரதிகள் அச்சிட்டு, 160 பிரதிகளை விநியோகஸ்தரிடம் கொடுத்துவிட்டு, 40 பிரதிகளை வீட்டில் வைத்திருக்கிறார். இந்தப் புத்தகத்துக்கான பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை எழுதிப் பார்ப்போம்.

முதலில் அச்சான பிரதியைக் கையில் எடுங்கள்

விவரங்களை நினைவிலிருந்தோ கணினியில் இருக்கும் கையெழுத்துப்படியிலிருந்தோ எழுத வேண்டாம். அச்சகத்திலிருந்து வந்த பிரதி ஒன்றை மேசையில் வையுங்கள். ஒரு அளவுகோல், சமையலறைத் தராசு, ஒரு வெள்ளைத் தாள் போதும். தலைப்பை அட்டையில் இருப்பதுபோலவே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். அட்டையில் ஒற்று மிகுந்திருந்தால் இங்கேயும் மிக வேண்டும். ஐஎஸ்பிஎன் எண்ணைப் பின்னட்டையில் ஒரு முறை, பதிப்பு விவரப் பக்கத்தில் ஒரு முறை பார்த்து, 13 இலக்கங்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். 2007-க்குப் பிறகு வந்த எண்கள் எல்லாம் 13 இலக்கம்தான்; 978 அல்லது 979 என்று தொடங்கும். இரண்டு இடத்திலும் வேறு வேறு எண் அச்சாகிவிடுவது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. அப்படி இருந்தால் பட்டைக் குறியீட்டுக் கோடுகளை ஒரு முறை ஸ்கேன் செய்து, எந்த எண் வருகிறது என்று பாருங்கள். கடைகளில் படிக்கப்படுவது அதுதான்.

எடையையும் இப்போதே போட்டுவிடுங்கள். நம் புத்தகம் தராசில் சுமார் 210 கிராம் காட்டும். அனுப்பும் செலவு இந்த எண்ணை வைத்துத்தான் கணக்காகும் என்பதால், உறையோடு சேர்த்து ஒரு எடையும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வகைமை

நம் புத்தகத்தில் 12 கதைகளும் ஒரே கட்டடத்தில் நடக்கின்றன. இரண்டாவது கதையில் எட்டிப் பார்க்கும் பாட்டி ஒன்பதாவது கதையில் இறந்துபோகிறார். இதை நாவல் என்று போடலாமா, சிறுகதைத் தொகுப்பு என்று போடலாமா? நாவல் என்றால் கூடுதலாக விற்கும் என்ற எண்ணத்தில் பலர் நாவல் என்று போட்டுவிடுகிறார்கள்.

இதற்கு நான் செய்யும் சோதனை எளிமையானது. புத்தகத்தைப் படிக்காத ஒருவரிடம் நடுவில் இருக்கும் ஏழாவது கதையை மட்டும் கொடுங்கள். அவர் "இதற்கு முன்னால் என்ன நடந்தது?" என்று கேட்டால் உங்களிடம் இருப்பது நாவலின் அத்தியாயம். கேட்காமல் கதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது சிறுகதை. நம் புத்தகம் இரண்டாவது ரகம். எனவே வகைமை என்ற இடத்தில் "சிறுகதைகள்" என்று மட்டும் போட்டு, பக்கத்திலேயே ஒரு வரி சேர்க்க வேண்டும்: "ஒரே குடியிருப்பில் நடக்கும் 12 கதைகள், தனித்தனியாகவும் வாசிக்கலாம்." நாவல் தேடி வருபவரும் அந்த வரியைப் படித்துவிட்டுத் தெரிந்தே வாங்குவார்.

சில தளங்கள் வகைமையைச் சொல்லாகக் கேட்காமல் குறியீடாகக் கேட்கும். உலக அளவில் புழங்கும் தீமா முறையில் சிறுகதைகளுக்கு `FYB`, சமகாலப் புனைவுக்கு `FBA`. வட அமெரிக்கப் புத்தக வணிகத்தில் புழங்கும் பிசாக் முறையில் ஒரே ஆசிரியரின் சிறுகதைகளுக்கு `FIC029000`. முதன்மைக் குறியீடாக எதைப் போடுகிறீர்கள் என்பதுதான் முக்கியம், ஏனென்றால் கடையின் எந்த அலமாரியில் புத்தகம் நிற்கும் என்பதை அது தீர்மானிக்கும். மூன்று, நான்கு குறியீடு போட இடம் இருக்கிறது என்பதற்காகப் பெண்ணியம், குடும்பம், உளவியல் என்று எல்லாவற்றையும் அடுக்காதீர்கள். உளவியல் நூல் தேடி வருபவர் சிறுகதையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்த வருகையால் உங்களுக்கு எதுவும் கிடைக்காது.

இன்னொன்று. கதைகள் உங்கள் வாழ்க்கையிலிருந்து வந்தவை என்பதால் "உண்மை அனுபவங்கள்" என்று போடத் தோன்றும். பெயரையும் நிகழ்ச்சியையும் மாற்றியிருந்தால் அது புனைவு. புனைவு என்றே போடுங்கள். தன்வரலாறு என்று அறிவித்துவிட்டால், யார் யார் என்று கண்டுபிடிக்கும் வேலையை உறவினர்கள் தொடங்கிவிடுவார்கள்.

பக்கங்கள்: மூன்று எண்களில் எது?

நம் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்போம். முதல் 10 பக்கங்களில் உள்தலைப்பு, பதிப்பு விவரம், சமர்ப்பணம், பொருளடக்கம், முன்னுரை. முதல் கதை 11-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. கடைசிக் கதை 171-ஆம் பக்கத்தில் முடிகிறது. 172, 173-இல் ஆசிரியர் குறிப்பு. அதற்குப் பிறகு மூன்று வெற்றுப் பக்கங்கள்.

ஏன் மூன்று வெற்றுப் பக்கங்கள்? பெரிய தாளை மடித்து அச்சிடும்போது பக்கங்கள் ஃபாரம் கணக்கில் வருகின்றன. ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம். 11 ஃபாரம் என்றால் 176. எழுத்து 173-இல் முடிந்தாலும் தாள் 176-இல்தான் முடியும். தேவைக்கேற்ப டிஜிட்டலில் அச்சிடும் புத்தகங்களுக்கு இந்த 16 கணக்கு இல்லாமல் இருக்கலாம், ஆனாலும் எண் இரட்டையாகத்தான் இருக்கும். ஒரு தாளுக்கு இரண்டு பக்கம் இருக்கிறதே. ஒற்றைப்படை எண் போட்டிருக்கும் விற்பனைப் பக்கத்தைப் பார்த்தால், அந்த எண் கடைசியாக அச்சான பக்க எண்ணிலிருந்து வந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

ஆக மூன்று எண்கள் கிடைக்கின்றன. தாள் கணக்கில் 176. கடைசிப் பக்க எண் 173. கதைகள் மட்டும் 161. பக்கங்கள் என்ற இடத்தில் நான் 176 போடுவேன். அச்சகத்தின் ரசீதிலும் விநியோகஸ்தரின் பட்டியலிலும் இருப்பது அந்த எண்தான். எல்லா இடத்திலும் ஒரே எண் இருந்தால்தான் இது ஒரே புத்தகம் என்று நம்பிக்கை வரும். நூலகப் பட்டியலில் கடைசியாக எண்ணிட்ட பக்கத்தைக் குறிப்பார்கள், அதனால் அங்கே 173 என்று வந்தால் கலங்க வேண்டாம். அட்டையின் நான்கு பக்கங்களை எப்போதும் சேர்க்கக் கூடாது.

176 என்று போட்ட பிறகு, விளக்கத்துக்குள் "கதைகள் 161 பக்கம்" என்று ஒரு சொல் சொல்லிவிடுங்கள். மூன்று வெற்றுப் பக்கத்துக்காக யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். ஆனால் பின்பகுதியில் 20 பக்கத்துக்கு உங்கள் மற்ற நூல்களின் விளம்பரம் இருந்தால், அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை.

பக்க எண்ணிக்கை மட்டும் புத்தகத்தின் அளவைச் சொல்லிவிடாது. 14 புள்ளி எழுத்தில் அகல வரி இடைவெளியோடு 176 பக்கம் வந்த நூலும், 11 புள்ளியில் நெருக்கமாக வந்த நூலும் ஒன்றல்ல. அதனால் அளவையும் (14 × 21.5 செ.மீ.) எழுத்து அளவையும் சேர்த்துக் கொடுங்கள். சொல் எண்ணிக்கை தெரிந்தால் இன்னும் நல்லது. நம் புத்தகத்தில் ஒரு பக்கத்துக்கு 200 சொல் வைத்தாலும் சுமார் 32,000 சொற்கள். மின்னூலுக்கு இந்தச் சொல் எண்ணிக்கைதான் சரியான அளவு. அங்கே எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கம் கூடிவிடும், எனவே "அச்சுப் பதிப்பில் 176 பக்கங்கள்" என்று சொல்லித்தான் எண்ணைக் கொடுக்க வேண்டும்.

மொழி

"தமிழ்" என்று தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது போலத் தோன்றும். குறியீடு கேட்கும் தளத்தில் `ta` அல்லது `tam` என்று இருக்கும், அவ்வளவுதான். வாசகருக்கு உதவும் தகவல் அதற்குப் பிறகுதான் வருகிறது. உரையாடல்கள் வட்டார வழக்கில் இருந்தால் ஒரு வரி சொல்லுங்கள்: "விவரிப்பு எழுத்துத் தமிழில், உரையாடல்கள் பேச்சு வழக்கில்." வெளியூரில் வளர்ந்து, தமிழை மெதுவாகப் படிக்கும் ஒருவருக்கு இந்த வரி முக்கியமானது. அருஞ்சொற்பொருள் கொடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் மூலமொழியும் மொழிபெயர்ப்பாளர் பெயரும் கட்டாயம் வேண்டும்.

தலைப்பை ரோமன் எழுத்திலும் ஒரு முறை கொடுக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் பலர் தமிழ்ப் புத்தகத்தை அப்படித்தான் தேடுகிறார்கள். இங்கேதான் குழப்பம். நம் தலைப்பை ஒருவர் `Eerathuni Kaayum Neram` என்று தட்டுவார், இன்னொருவர் `Irathuni Kayum Neram` என்று தட்டுவார். ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பதிப்பு விவரப் பக்கம், விநியோகஸ்தர் பட்டியல், உங்கள் விற்பனைப் பக்கம் என்று எல்லா இடத்திலும் அதையே வையுங்கள். மற்ற வடிவங்களைத் தேடல் சொற்களுக்கான இடத்தில் போடலாம். தலைப்புக்கான இடத்தில் இரண்டு மூன்று வடிவங்களைச் சாய்கோடு போட்டு அடுக்கினால் புத்தகத்தின் பெயரே என்னவென்று தெரியாமல் போகும்.

மாதிரிப் பக்கங்கள்

வாங்கலாமா வேண்டாமா என்று ஒருவர் முடிவெடுக்கும் இடம் இதுதான். எந்தப் பக்கங்களைக் கொடுப்பது என்று முதலில் பார்ப்போம்.

நாவல் என்றால் முதல் அத்தியாயம், அதில் கேள்வி இல்லை. சிறுகதைத் தொகுப்புக்கு என் கருத்து வேறு. ஒரு கதையை முழுதாகக் கொடுங்கள். சிறுகதை வாசகர் பார்க்க விரும்புவது நீங்கள் கதையை எப்படி முடிக்கிறீர்கள் என்பதை. தொடக்கம் பலருக்கு நன்றாக வரும். பாதிக் கதையைக் காட்டி நிறுத்தினால் அவருக்கு எதுவும் தெரியாது. நம் புத்தகத்தில் நான்காவது கதை 53 முதல் 60 வரை, எட்டே பக்கம். அதைக் கொடுக்கலாம். கதைகள் இருக்கும் 161 பக்கங்களில் அது 5 சதவீதம்தான். இருப்பதிலேயே சிறந்த கதையைக் கொடுக்க வேண்டியதில்லை. மற்ற 11 கதைகளும் எப்படி இருக்கும் என்று சரியாகக் காட்டும் கதையாக இருக்க வேண்டும். அதோடு பொருளடக்கப் பக்கத்தையும் சேருங்கள். முன்னுரையை மாதிரியாகக் கொடுக்காதீர்கள். அதில் இருப்பது வேறொருவர் உங்களைப் பற்றிச் சொல்வது.

மின்னூலில் நிலைமை வேறு. கிண்டிலில் மாதிரி என்பது நூலின் தொடக்கத்திலிருந்து சுமார் 10 சதவீதம். அதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. நம் 176 பக்கத்தில் அது ஏறக்குறைய 17 பக்கம். அதில் முதல் 10 பக்கம் சமர்ப்பணத்துக்கும் முன்னுரைக்கும் போய்விடுகிறது. அச்சுப் பதிப்பில் முன்னுரை முன்னால் இருக்கட்டும். மின்னூலில் அதைக் கடைசிக்கு நகர்த்திவிடுங்கள். அந்த ஒரு மாற்றத்தால் வாசகர் முதல் கதைக்குள் முழுதாக நுழைந்துவிடுவார்.

அடுத்து, எந்த வடிவத்தில் கொடுப்பது. அச்சகத்துக்கு அனுப்பிய பிடிஎஃப்பிலிருந்து எட்டுப் பக்கத்தை வெட்டி ஏற்றிவிடுவதுதான் வழக்கம். அந்தக் கோப்பில் ஓரங்களில் வெட்டுக்குறிகள் இருக்கும். அவற்றை நீக்க வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல் கைபேசி. டெமி பக்கத்தின் அகலம் 5.5 அங்குலம். கைபேசித் திரையின் அகலம் அதில் ஏறக்குறைய பாதி. 11 புள்ளி எழுத்து அங்கே ஐந்தரைப் புள்ளியாகச் சுருங்கிவிடும். தமிழில் இது எங்கே அடிக்கிறது என்றால், மெய்யெழுத்தின் தலைப்புள்ளி கண்ணில் படாமல் போகிறது. க் என்பது க போலத் தெரியும். ஒவ்வொரு சொல்லையும் ஊகித்துப் படிக்க வேண்டியிருந்தால் இரண்டாவது பத்தியிலேயே மூடிவிடுவார்கள்.

அதனால் மாதிரியை இரண்டு விதமாகக் கொடுங்கள். கதையைப் படிப்பதற்கு, திரைக்கு ஏற்ப மடிந்து வரும் சாதாரண எழுத்தாக. புத்தகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு, விரித்து வைத்த இரண்டு பக்கங்களின் ஒரு புகைப்படம். புகைப்படத்தில் ஓரமாக ஒரு பேனாவையோ அளவுகோலையோ வைத்தால் எழுத்தின் அளவு தானாகவே புரியும். பகல் வெளிச்சத்தில், ஜன்னல் பக்கமாக வைத்து, மேலிருந்து நேராக எடுங்கள். மின்விளக்கின் கீழ் எடுத்தால் தாள் மஞ்சளாகத் தெரியும். பிறகு வெள்ளைத் தாள் கையில் கிடைக்கும்போது, இது வேறு பதிப்போ என்று கேட்பார்கள்.

எழுத்தாகக் கொடுக்க வேண்டுமென்றால் எங்கிருந்து எடுப்பது? பிடிஎஃப்பைத் திறந்து, கதையில் இருக்கும் ஒரு சொல்லை, "துணி" என்று வைத்துக்கொள்வோம், தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால் பக்கங்கள் பெரும்பாலும் பழைய எழுத்துரு முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கும். நகலெடுத்தால் குப்பையாக வரும். யூனிகோடில் செய்த கோப்பாக இருந்தாலும் கொ, கோ, கெ போன்ற எழுத்துகளின் கொம்புகள் இடம் மாறி விழுவது உண்டு. எனவே பலரும் தங்கள் பழைய கையெழுத்துப்படியிலிருந்து எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

நானும் என் முதல் புத்தகத்துக்கு அப்படித்தான் செய்தேன். மெய்ப்புப் பார்க்கும்போது ஒரு கதையில் வசந்தி என்ற பெயரைச் சாரதா என்று மாற்றியிருந்தேன். இரண்டு கதைகளில் வசந்தி இருந்தால் குழப்பம் என்பதால் கடைசி நேரத்தில் செய்த மாற்றம். அந்த மாற்றம் வடிவமைப்பாளரின் கோப்பில் மட்டும்தான் நடந்தது. மாதிரியில் வசந்தியைப் படித்துவிட்டு வாங்கிய ஒரு வாசகி, "வசந்தியின் கதை புத்தகத்தில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டு எழுதினார். பாவம், பொருளடக்கத்தை இரண்டு முறை தேடியிருக்கிறார். அன்றிலிருந்து, மாதிரிக்கு ஒட்டிய எழுத்தை அச்சான பிரதியோடு வைத்து வரிக்கு வரி வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்கிறேன். எட்டுப் பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும்.

கையெழுத்திட்ட பிரதி

முதலில் எதை விற்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். கையெழுத்து மட்டும் இட்ட பிரதி ஒன்று. வாங்குபவரின் பெயரை எழுதிக் கையெழுத்திடுவது இன்னொன்று. தனி ஒட்டுத்தாளில் கையெழுத்திட்டு உள்ளே ஒட்டுவது மூன்றாவது. புத்தகக் கையிருப்பு வெகு தூரத்தில் இருந்தால் இது உதவும், ஆனால் புத்தகத்திலேயே இட்ட கையெழுத்துக்கு உள்ள மதிப்பு இதற்கு இல்லை. எது என்பதை விற்பனைப் பக்கத்தில் சொல்லாமல் விட்டால், எல்லோரும் இரண்டாவதைத்தான் எதிர்பார்ப்பார்கள். அச்சில் போட்ட கையெழுத்தைக் கையெழுத்திட்ட பிரதி என்று சொல்லவே கூடாது.

இதற்குத் தனி ஐஎஸ்பிஎன் தேவையில்லை. அதே பதிப்பு, அதே எண். மின்னூலுக்கும் கெட்டி அட்டைக்கும்தான் தனி எண் வேண்டும். அதுபோலவே, தளத்தில் இதைத் தனிப் பொருளாக ஏற்றாமல், ஒரே பொருளுக்குள் "சாதாரணப் பிரதி / கையெழுத்திட்ட பிரதி" என்று தேர்வாக வையுங்கள். தனியாக ஏற்றினால் வாசகர் கருத்துகள் இரண்டாகப் பிரிந்து, இரண்டு பக்கமும் வெறிச்சோடித் தெரியும்.

இருப்பு எண்ணில் கவனம் வேண்டும். கையெழுத்திட முடிவது உங்கள் வீட்டில் இருக்கும் 40 பிரதிகளில் மட்டும்தான்; விநியோகஸ்தரிடம் இருக்கும் 160-ஐ இதில் சேர்க்க முடியாது. 40-ஐயும் விற்பனைக்கு வைக்காதீர்கள். 30 என்று போடுங்கள். பெயர் பிழையாகிவிட்டால் மாற்ற 5, வழியில் நசுங்கிவிட்டால் அனுப்ப 5. "குறைந்த பிரதிகளே" என்று எழுதி, 3/30 என்று எண்ணும் இட்டால், 31-ஆவது பிரதியை எண்ணோடு விற்கும் உரிமை உங்களுக்கு இல்லை. அந்த உறுதி இல்லையென்றால் எண் போடாமல் இருப்பது மேல்.

எந்தப் பக்கத்தில் கையெழுத்திடுவது? புத்தகப் பெயரும் உங்கள் பெயரும் சேர்ந்து அச்சான உள்தலைப்புப் பக்கத்தில். அது ஃபாரத்தோடு சேர்ந்து கட்டப்பட்ட தாள், கழன்று வராது. அட்டையில் லேமினேஷன் இருந்தால் மை ஒட்டாமல் இழுபடும். பேனாவைத் தேர்ந்தெடுக்க, அச்சில் கெட்டுப்போன ஒரு பிரதியை எடுத்து அதே பக்கத்தில் நான்கு பேனாக்களில் கையெழுத்திட்டுப் பாருங்கள். ஒரு நிமிடம் கழித்து விரலால் தேயுங்கள். தாளைத் திருப்பிப் பின்பக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். 70 ஜிஎஸ்எம் தாளில் மைப்பேனா பெரும்பாலும் பரவும், பின்பக்கமும் தெரியும். ஜெல் பேனா அழகாக எழுதும், ஆனால் காய நேரம் எடுக்கும். உடனே மூடினால் எதிர்ப்பக்கத்தில் கையெழுத்தின் நிழல் விழும். நான் பயன்படுத்துவது நிறமி மை நிரப்பிய மெல்லிய முனைப் பேனா. எதில் எழுதினாலும் பத்து நிமிடம் திறந்து வைத்துவிட்டு, ஒரு மெல்லிய தாளை இடையில் வைத்து மூடுங்கள்.

இப்போது பெயர் விஷயம். ஒரு முறை எனக்கு வந்த ஆர்டரில் பெயர் `Kala` என்று ரோமன் எழுத்தில் இருந்தது. நான் "அன்புள்ள கலாவுக்கு" என்று எழுதி அனுப்பினேன். வாங்கியவர் தன் பேத்தி காலாவுக்காக வாங்கியிருந்தார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்தப் புத்தகத்தைப் பேத்தியிடம் கொடுக்கவும் இல்லை. ரோமன் எழுத்தில் ல, ள, ழ தெரியாது, குறில் நெடில் தெரியாது. `Priya` என்று வந்தால் பிரியாவா, ப்ரியாவா? `Shanmugam` சண்முகமா, ஷண்முகமா? அவரவர் எப்படி எழுதுகிறார்களோ அதுதான் சரி, நாம் திருத்தக் கூடாது.

எனவே ஆர்டர் படிவத்தில் "பெயர்" என்று மட்டும் ஒரு கட்டம் வைக்காதீர்கள். அந்தக் கட்டத்தில் பலரும் பணம் கட்டுபவரின் பெயரைத்தான் போடுவார்கள். இப்படிக் கேளுங்கள்: "புத்தகத்தில் எழுத வேண்டிய பெயர். எந்த எழுத்தில் வேண்டுமோ அந்த எழுத்திலேயே தட்டவும். நீங்கள் தட்டியபடியே எழுதப்படும். கையெழுத்து மட்டும் போதும் என்றால் காலியாக விடவும்." ரோமன் எழுத்தில் வந்தால் எழுதுவதற்கு முன் ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள். பதில் வரும்வரை அந்தப் பிரதியைத் தொடாதீர்கள்.

வாழ்த்து வாசகத்தை வாங்குபவரே எழுதித் தரலாம் என்று விட்டால், ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்புபவர்களும் உண்டு. நீங்கள் எழுதிய இரண்டு வாசகங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பரிசாகக் கொடுப்பவர்கள் அதிகம் என்பதால், கொடுப்பவரின் பெயருக்கும் ஒரு கட்டம் இருக்கட்டும்: "சாந்திக்கு, முத்துவின் அன்பளிப்பாக" என்று எழுதிக் கீழே உங்கள் கையெழுத்து.

அப்புறம், அனுப்பும் நாள். சாதாரணப் பிரதி மறுநாளே போய்விடும். கையெழுத்திட்ட பிரதிகளை வாரத்தில் இரண்டு நாள் சேர்த்து உட்கார்ந்து எழுதுவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பேனா, காயும் நேரம், பெயர் உறுதி எல்லாம் ஒழுங்காக நடக்கும். அந்த வேறுபாட்டைத் தேர்வுக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பெயர் எழுதிய பிரதியை வேறொருவருக்கு விற்க முடியாது என்பதால் திருப்பி எடுப்பதில்லை என்றும், என் பிழையோ வழியில் சேதமோ என்றால் மாற்றித் தருவேன் என்றும் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

முழுப் பக்கமும் இப்படி வரும்

ஈரத்துணி காயும் நேரம் (`Eerathuni Kaayum Neram`)

வகைமை: சிறுகதைகள். ஒரே குடியிருப்பில் நடக்கும் 12 கதைகள், தனித்தனியாகவும் வாசிக்கலாம்.

மொழி: தமிழ். விவரிப்பு எழுத்துத் தமிழில், உரையாடல்கள் பேச்சு வழக்கில்.

பக்கங்கள்: 176 (கதைகள் 161 பக்கம், சுமார் 32,000 சொற்கள்). 14 × 21.5 செ.மீ., மெல்லட்டை, எழுத்து 11 புள்ளி, எடை 210 கிராம்.

மாதிரி: நான்காவது கதை முழுமையாக (பக். 53–60), பொருளடக்கம், உள்பக்கப் புகைப்படம்.

பிரதி: சாதாரணம், மறுநாள் அனுப்பப்படும். கையெழுத்திட்டது, உள்தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் கைப்பட. பெயர் எழுதியும் பெறலாம். செவ்வாய், வெள்ளி அனுப்பப்படும். இருப்பு 30. பெயர் எழுதிய பிரதி திருப்பி எடுக்கப்படாது. எங்கள் பிழை, வழியில் சேதம் என்றால் மாற்றித் தரப்படும்.

வெளியிட்டதும் வேறொருவரின் கைபேசியில் இந்தப் பக்கத்தைத் திறந்து, மாதிரிக் கதையை அவரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்குகிறதோ அங்கே எழுத்து உடைந்திருக்கும். பிறகு அவரையே ஒரு கையெழுத்திட்ட பிரதிக்கு ஆர்டர் போடச் சொல்லுங்கள், பெயரில் ஒரு ழகரம் வரும்படி. அந்த ழகரம் படிவத்தைத் தாண்டி, உங்களுக்கு வரும் மின்னஞ்சலில் கேள்விக்குறியாக மாறாமல் வந்து சேர்ந்தால், முதல் ஆர்டருக்குப் பக்கம் தயார்.